மூன்று நிறம், ஒரே நடை

நெதர்லாந்து நாட்டுக் கொடியில் மூன்று பட்டைகள்: மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம். அந்த நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1976இல் வெளியான தம் நூலில் இந்தக் கொடியை வைத்து ஒரு புதிர் போட்டார். வரிசையாகச் சில வாளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கூழாங்கல். அது சிவப்பாகவோ வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கலாம். இரண்டு வாளிகளின் கற்களை இடம் மாற்றலாம், ஆனால் ஒரு கல்லின் நிறத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது. கற்களைக் கொடியின் வரிசைக்குக் கொண்டுவர வேண்டும்.

இன்று நிரல் எழுதப் பழகுபவர்களுக்கு இதே புதிர் 0, 1, 2 என்ற எண்கள் மட்டுமே உள்ள ஒரு பட்டியலாக வருகிறது. எத்தனை 0, எத்தனை 1, எத்தனை 2 என்று எண்ணி, அதன்படி மறுபடி எழுதிவிடலாமே என்று தோன்றும். வெறும் எண்கள் என்றால் அது சரிதான், ஆனால் இரண்டு முறை நடக்க வேண்டும். அந்த எண்கள் விண்ணப்பங்களின் மேல் ஒட்டிய அடையாளங்கள் என்றால் அதுவும் உதவாது. அடையாளத்தை மாற்றி எழுதினால் விண்ணப்பம் இடம் மாறிவிடாது. அதையே எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்.

தீர்வு, பட்டியலை மனதில் நான்கு பகுதிகளாகப் பிரிப்பதில் இருக்கிறது. இடது ஓரத்தில் 0கள், அடுத்து 1கள், வலது ஓரத்தில் 2கள். 1களுக்கும் 2களுக்கும் நடுவே இன்னும் பார்க்காத பகுதி. தொடக்கத்தில் மொத்தமும் பார்க்காத பகுதிதான். எல்லைகளை `low`, `mid`, `high` என்ற மூன்று குறிகள் காட்டுகின்றன. பார்க்காத பகுதி `mid`இல் தொடங்கி `high`இல் முடிகிறது. 1களின் பகுதி `low`இல் தொடங்குகிறது.

```python
low, mid, high = 0, 0, len(a) - 1
while mid <= high:
    if a[mid] == 0:
        a[low], a[mid] = a[mid], a[low]
        low += 1
        mid += 1
    elif a[mid] == 1:
        mid += 1
    else:
        a[mid], a[high] = a[high], a[mid]
        high -= 1
```

1 வந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது, தாண்டிப் போகலாம். 0 வந்தால் `low` இடத்தில் இருப்பதோடு மாற்றிவிட்டு இரண்டு குறிகளையும் நகர்த்துகிறோம். 2 வந்தால் `high` இடத்தில் இருப்பதோடு மாற்றிவிட்டு `high`ஐ மட்டும் குறைக்கிறோம். `mid` நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பலர் இடறுவது இங்கேதான். அங்கே நகர்ந்த `mid` இங்கே ஏன் நகரவில்லை? எதிர்ப்பக்கத்திலிருந்து கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். `low` இடத்திலிருந்து வருவது நாம் ஏற்கெனவே பார்த்துத் தாண்டிய ஒரு 1. `low`, `mid` இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த 0 தன்னோடு தானே மாறிக்கொள்கிறது. இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. `high` இடத்திலிருந்து வருவதோ யாரும் இன்னும் பார்க்காத எண். அதைப் பார்க்காமல் தாண்டினால், அது 0 ஆக இருந்தால் 1களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்.

`1 2 0` என்ற மூன்றே எண்களில் இதைப் பார்த்துவிடலாம். முதலில் 1, தாண்டுகிறோம். அடுத்து 2, கடைசியில் உள்ள 0வோடு மாற்றினால் `1 0 2`. இப்போது `mid`, `high` இரண்டும் நடு இடத்தில். அங்கே 0 இருப்பதால் முதல் இடத்தோடு மாற்றுகிறோம்: `0 1 2`. 2ஐ மாற்றிய கையோடு `mid`ஐயும் நகர்த்தியிருந்தால், நிரல் `1 0 2` என்பதோடு நின்றுபோயிருக்கும். `mid <= high` என்பதற்குப் பதில் `mid < high` என்று எழுதினாலும் அதே தவறான விடைதான், ஏனெனில் கடைசியாக மிஞ்சிய அந்த ஒரு எண்ணைப் பார்க்காமலேயே நின்றுவிடும்.

இதைவிட நீளமான `2 0 2 1 0` என்ற பட்டியலைக் கொடுத்தால், இந்தப் பிழைகளில் எது இருந்தாலும் `0 0 1 2 2` என்று சரியான விடையே வரும். நான்கைந்து பட்டியல்களைக் கொடுத்துப் பார்த்து நிரல் சரி என்று முடிவுகட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். மூன்று இடங்களில் 0, 1, 2ஐ 27 விதமாகத்தான் வைக்க முடியும். அந்த 27ஐயும் ஓட்டிப் பாருங்கள், இரண்டு பிழைகளும் தப்பாது.

ஒவ்வொரு சுற்றிலும் `mid` ஒரு இடம் முன்னே போகிறது, அல்லது `high` ஒரு இடம் பின்னே வருகிறது. அதாவது பார்க்காத பகுதி சுற்றுக்கு ஒன்றாகச் சுருங்குகிறது. ஆயிரம் எண்கள் என்றால் சரியாக ஆயிரம் சுற்று. எண்ணை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால், ஒரு கல்லை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது என்ற டைக்ஸ்ட்ராவின் நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

ஒன்றை மட்டும் இந்த முறை காப்பாற்றாது: ஒரே அடையாளம் உள்ளவற்றின் பழைய வரிசை. 2 என்று குறித்த இரண்டு விண்ணப்பங்கள் மட்டும் இருந்தால், முதலில் வந்தது கடைசி இடத்துக்குப் போய்விடும்; பின்னால் வந்தது அதற்கு முன்னால் நிற்கும். வந்த வரிசை முக்கியம் என்றால், கூடுதல் இடம் எடுத்துக்கொண்டு, மூன்று தனிப் பட்டியல்களில் வந்த வரிசையிலேயே சேர்த்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதே எளிது.