காலம் கடந்து வந்த கடிதம்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் கேத்தி இருக்கிறது. அங்குள்ள ஊசித் தொழிற்சாலையில் செய்யப்படும் ‘போனி’ ஊசிகள் நம் வீட்டுத் தையல் பெட்டிகளில் இருந்திருக்கும். இந்தியக் கம்பெனிச் சட்டம் படிக்கும் எவரும் தவறாமல் படிக்கும் ஒரு வழக்கு அந்தத் தொழிற்சாலையைச் சேர்ந்தது. ஒரு கடிதம் தாமதமாகத் தபாலில் போடப்பட்டதிலிருந்து அது தொடங்கியது.

நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) லிமிடெட் 1949-ல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றின் முழு உடைமையாகத் தொடங்கப்பட்டது. நாளடைவில் அதன் பங்குகளில் ஒரு பகுதி இங்குள்ள ஊழியர்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1977-ல் மொத்தம் 32,000 பங்குகள். ஒவ்வொன்றின் முகமதிப்பும் 100 ரூபாய். அவற்றில் 18,990 பங்குகள், அதாவது ஏறத்தாழ 60 சதவீதம், இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனியிடம் இருந்தன. மிச்சம் இந்தியர்களிடம்.

அப்போது அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வெளிநாட்டார் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிபந்தனை விதித்து, 1977 மே 17 வரை கெடு கொடுத்திருந்தது. குறைப்பது சரி, அந்தப் பங்குகள் யார் கைக்குப் போவது என்பதில்தான் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை.

ஏப்ரல் 6-ல் கூடிய இயக்குநர் குழு, புதிதாக 16,000 பங்குகள் வெளியிடத் தீர்மானித்தது. பழைய பங்கு இரண்டுக்குப் புதியது ஒன்று என்ற விகிதம். விலை அதே 100 ரூபாய். கணக்குப்படி தாய்க் கம்பெனிக்கு 9,495 பங்குகள் வர வேண்டும். 16 நாளுக்குள் ஏற்காவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும் என்று சொன்ன கடிதத்தில் ஏப்ரல் 14 என்று தேதி இருந்தது. ஆனால் உறையின் மீதிருந்த அஞ்சல் முத்திரை ஏப்ரல் 27! அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது மே 2-ல். கெடு அதற்குள் முடிந்துவிட்டது. பங்குகளை ஒதுக்குவதற்கான இயக்குநர் குழுக் கூட்டமும் அதே மே 2-ல்தான் நடந்தது. அந்தக் கூட்டத்துக்கான அறிவிப்பும் அன்றுதான் போய்ச் சேர்ந்தது. 16,000 பங்குகளும் இந்தியத் தரப்புக்கே ஒதுக்கப்பட்டன. தாய்க் கம்பெனியின் பங்கு 48,000-ல் 18,990 ஆனது, 39.6 சதவீதம். காலையில் பெரும்பான்மையாக இருந்தவர் மாலையில் சிறுபான்மை ஆகிவிட்டார்.

தாய்க் கம்பெனி நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1981-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தச் சட்டம் எப்படி யோசிக்கிறது என்பது பிடிபடும்.

முதல் பாதியில் நீதிமன்றம், இது ஒடுக்குமுறை ஆகாது என்றது. கடிதம் நேரத்துக்கே வந்திருந்தாலும் தாய்க் கம்பெனியால் அந்தப் பங்குகளை வாங்கியிருக்க முடியாது. அதன் பங்கைக் குறைப்பதற்காகத்தானே வெளியீடே நடந்தது? ஒரு செயல் சட்டத்துக்கு ஒவ்வாததாக இருப்பது மட்டும் போதாது. நேர்மையும் நியாயமான நடத்தையும் இல்லாமல், பங்குதாரர் என்ற முறையில் ஒருவருக்குள்ள உரிமையை மிதித்திருக்க வேண்டும் என்று அது அளவுகோல் வைத்தது.

இரண்டாம் பாதிதான் சிறுபான்மைப் பங்குதாரருக்கு முக்கியம். ஒடுக்குமுறை நிரூபிக்கப்படவில்லை என்பதற்காக நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்றது அமர்வு. அந்தப் பங்கின் உண்மை மதிப்பு 190 ரூபாய். வாங்கியவர்கள் கொடுத்தது 100. பங்குக்கு 90 ரூபாய் அவர்களுக்கு நியாயமின்றிச் சேர்ந்த ஆதாயம். 9,495 பங்குகளுக்கு அதைக் கணக்கிட்டு, 8,54,550 ரூபாயைத் தாய்க் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது.

இதற்கு நேர்மாறாக 2004-ல் டேல் அண்ட் கேரிங்டன் என்ற கேரளக் கம்பெனியின் வழக்கு வந்தது. பெரும்பான்மைப் பங்கு வைத்திருந்தவர் வெளிநாட்டில் இருந்தார். இங்கிருந்த நிர்வாக இயக்குநர் புதுப் பங்குகளைத் தன் பெயருக்கே ஒதுக்கிக்கொண்டு கம்பெனியைக் கைக்குள் கொண்டுவந்தார். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டு வழக்கிலும் செயல் ஒன்று, நோக்கம் வேறு. கேத்தியில் சட்டத்தின் கட்டாயம் இருந்தது. இங்கே ஆதிக்கத்தைப் பிடிக்கும் ஆசையைத் தவிர வேறு காரணம் காட்ட முடியவில்லை. பங்கு வெளியிடும் அதிகாரம் கம்பெனிக்குப் பணம் தேவைப்படும்போது பயன்படுத்துவதற்காகத் தரப்பட்டது. அதை ஒருவரை ஒழித்துக்கட்டப் பயன்படுத்தினால் தீர்ப்பாயம் தலையிடும்.

சாதாரணக் குடும்பக் கம்பெனியில் இது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. அப்பா ஆரம்பித்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 10 ரூபாய்ப் பங்கு 10,000. அப்பா காலமானபின் மகளுக்கு 1,200 பங்குகள், அண்ணன் தம்பிகளுக்கு மீதி. நிலமும் கட்டடமும் சேர்த்துக் கம்பெனியின் மதிப்பு 5 கோடி என்றால் மகளின் பங்கு 60 லட்சம். அண்ணன்கள் திடீரென 40,000 புதுப் பங்குகளை 10 ரூபாய்க்கே வெளியிடுகிறார்கள். மகளுக்கு 4,800 பங்குகள் வர வேண்டும். அதற்கு அவர் கட்ட வேண்டியது வெறும் 48,000 ரூபாய். கடிதம் அவர் கல்யாணத்துக்கு முன் இருந்த முகவரிக்குப் போகிறது, அல்லது போகவே இல்லை. பங்குகள் அண்ணன்கள் பெயரில் ஏறுகின்றன. மகளின் 12 சதவீதம் 2.4 ஆகிறது, 60 லட்சம் 12 லட்சமாகச் சுருங்குகிறது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை உரக்கப் பேசியிருக்க மாட்டார்கள். பொங்கலுக்குச் சீர்கூட வந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் எந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணத்தையும் யாரும் பார்க்கலாம். ‘PAS-3’ என்பது பங்கு ஒதுக்கீட்டு அறிக்கை. யாருக்கு எத்தனை, என்ன விலைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்தை உயர்த்தினால் ‘SH-7’ தாக்கலாகும். அதற்குப் பொதுக்கூட்டம் நடந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு உங்களுக்கு அறிவிப்பு வந்ததா என்பதுதான் முதல் கேள்வி. உரிமைப் பங்குக் கடிதத்தை, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்ப வேண்டும் என்கிறது இன்றைய சட்டத்தின் 62-ஆவது பிரிவு. ஆகவே அனுப்பியதற்கான சான்றைக் காட்டும்படி எழுத்தில் கேளுங்கள். உறுப்பினர் பதிவேட்டையும் பொதுக்கூட்டக் குறிப்பேட்டையும் பங்குதாரர் கட்டணமின்றிப் பார்க்கலாம். மறுத்தால் அந்த மறுப்பும் வழக்கில் உதவும்.

நிவாரணம் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 241, 242-ஆவது பிரிவுகளில் இருக்கிறது. மனுவை தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நமக்குச் சென்னையில் அதன் அமர்வு உண்டு. உறுப்பினரை ஒடுக்குவது ஒரு காரணம். கம்பெனியின் நலனுக்கே கேடாக நிர்வாகம் நடப்பது இன்னொன்று. உதாரணமாக, கம்பெனியின் நிலத்தை இயக்குநரின் மைத்துனருக்கு அடிமாட்டு விலைக்கு விற்பது நிர்வாகச் சீர்கேடு. பொதுவாக இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்தே சொல்வார்கள்.

மனு போட யாருக்குத் தகுதி என்ற இடத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். பத்து சதவீதப் பங்கு வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு, நம்மிடம் அவ்வளவு இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் சொல்வது அது மட்டுமல்ல. வெளியிடப்பட்ட பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 100 உறுப்பினர்கள், அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பகுதியினர், எது குறைவோ அவ்வளவு பேர் சேர்ந்தால் போதும். குடும்பக் கம்பெனியில் எட்டு உறுப்பினர்கள்தான் என்றால் அந்த மகள் ஒருவரே அந்த எண்ணிக்கை. 2.4 சதவீதம் வைத்திருந்தாலும் அவர் கதவைத் தட்டலாம். இந்த இரண்டிலும் வராதவருக்கும், தகுந்த காரணம் காட்டினால் நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. டாடா சன்ஸ் வழக்கில் மிஸ்திரி குடும்ப நிறுவனங்களிடம் 18 சதவீதத்துக்கு மேல் சாதாரணப் பங்கு இருந்தது. முன்னுரிமைப் பங்குகளையும் கணக்கில் சேர்த்ததும் அது பத்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017-ல் நிபந்தனையைத் தளர்த்திய பிறகே அந்த வழக்கு நகர்ந்தது.

தகுதி இருந்தால் மட்டும் வெற்றி நிச்சயமில்லை. அதே டாடா வழக்கில், தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி 2016 அக்டோபரில் நீக்கப்பட்டதை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒடுக்குமுறையாக ஏற்கவில்லை. பதவி போனது வேறு, பங்குதாரர் உரிமை போனது வேறு. டிவிடெண்ட் தரவில்லை, தொழிலில் நஷ்டம், என் யோசனையைக் கேட்பதில்லை போன்ற மனக்குறைகளை வைத்து மட்டும் மனு நிற்காது. கம்பெனியைக் கலைத்துவிடும் அளவுக்கு நிலைமை நியாயமற்றதாக இருக்க வேண்டும், ஆனால் கலைத்தால் மனுதாரருக்கே பாதகம் ஆகும் என்ற நிலையும் இருக்க வேண்டும். சட்டம் தீர்ப்பாயத்திடம் எதிர்பார்க்கும் சோதனை இதுதான்.

அந்தச் சோதனையைத் தாண்டினால் தீர்ப்பாயத்தின் கை நீளமானது. இயக்குநரை நீக்கலாம், முறையற்ற ஆதாயத்தைத் திருப்பிப் பெறலாம், கம்பெனியின் நடவடிக்கைகளுக்கே வரையறை விதிக்கலாம். வழக்கு நடக்கும்போதே பங்கு நிலவரம் மாறக்கூடாது, சொத்தை விற்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவும் தரலாம். முதலில் கேட்க வேண்டியது இந்த இடைக்கால உத்தரவைத்தான். நிலம் கைமாறிய பிறகு அதை மீட்பது பெரும்பாடு.

கடைசியில் பல குடும்பங்களுக்கு இணக்கம் திரும்புவதில்லை. அப்போது ஒரு தரப்பின் பங்கை மறு தரப்பு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயம் சொல்லலாம். அங்கே சண்டை முழுக்க மதிப்பீட்டில் வந்து நிற்கும். எந்தத் தேதியின் மதிப்பு? நிலத்துக்குப் புத்தகத்தில் எழுதிய விலையா, இன்றைய சந்தை விலையா? அநியாய ஒதுக்கீட்டுக்கு முந்தைய பங்கு விகிதமா, பிந்தையதா? அந்த மகளின் பங்கு 60 லட்சமா, 12 லட்சமா என்பது இந்தக் கேள்விகளில் இருக்கிறது. சுயேச்சையான மதிப்பீட்டாளரை நியமிக்கவும், ஒதுக்கீட்டுக்கு முந்தைய விகிதத்தில் கணக்கிடவும் மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தீர்ப்பாயத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், பிறகு சட்டக் கேள்விக்காக மட்டும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் முதல் மனுவுக்கே கால வரம்பு உண்டு. காலவரம்புச் சட்டம் தீர்ப்பாயத்துக்கும் பொருந்தும். பொதுவாக மூன்று ஆண்டுகள். இணையதளத்தில் வெளிப்படையாகக் கிடக்கும் ஒதுக்கீட்டை இப்போதுதான் பார்த்தேன் என்று ஆறாவது ஆண்டில் சொன்னால் நம்பவைப்பது கடினம். குடும்பக் கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் திருமணமாகி வெளியூர் போன பெண்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும், கம்பெனியில் பதிவாகியுள்ள உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் இந்த வாரமே சரிபார்த்து, மாற்றம் இருந்தால் பதிவுத் தபாலில் எழுதிக் கொடுங்கள்.