85 என்று வந்தால் நம்ப வேண்டாம்

பால் சேகரிப்பு நிலையங்களில் பெரிய குளிர்தொட்டி ஒன்று இருக்கும். கறந்த சூட்டோடு வரும் பாலை அது 4 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து வைத்திருக்கும். தொட்டியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 10 டிகிரியைத் தாண்டினால் பொறுப்பாளரின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றைப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சிப்புக்குள் பதிந்திருக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். அதை எழுதிய பொறியாளர் வேலையை விட்டுப் போகிறார். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில், அடுத்து வருபவருக்காக அவர் ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும்?

‘நிரல்தான் முழுதாக இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும்’ என்று பல நிறுவனங்களில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு தவறு என்பதை ஒரே ஒரு சென்சாரை வைத்துக் காட்டிவிடலாம். DS18B20 என்பது அதன் பெயர். டல்லஸ் செமிகண்டக்டர் உருவாக்கிய வெப்பநிலை சென்சார் இது. விலை குறைவு, மூன்றே கால்கள். கல்லூரி புராஜெக்ட் முதல் தொழிற்சாலை வரை எங்கும் இதைப் பார்க்கலாம்.

நம் கருவியின் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```c
if (raw == 0x0550) return retry();
```

அந்தச் சென்சாரின் கணக்கில் `0x0550` என்றால் சரியாக 85 டிகிரி. அதாவது, 85 என்று வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அள. புதிதாக வருபவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். பால் தொட்டியில் 85 எப்படி வரும் என்று நினைத்து வரியை நீக்கிவிடக்கூடும். நீக்கிய பிறகும் அலுவலக மேசையில் கருவி ஒழுங்காகத்தான் ஓடும்.

தொட்டிக்கு அருகே போனால்தான் வினை தெரியும். இந்தச் சென்சாருக்கு மின்சாரம் கிடைத்ததும் அதன் நினைவகத்தில் முதலில் உட்காரும் எண் 85. அது அளந்து சொன்ன எண் அன்று. இன்னும் அளக்கவில்லை என்பதற்கான அடையாளம். டேட்டாஷீட்டிலேயே இது இருக்கிறது. முழுத் துல்லியத்தில் ஒருமுறை அளக்கச் சென்சாருக்கு 750 மில்லிசெகண்ட் வரை தேவை. அந்த முக்கால் நொடிக்குள் தொட்டியின் கம்ப்ரசர் கிளம்பினால், அது இழுக்கும் மின்சாரத்தில் வோல்டேஜ் ஒரு கணம் சரியும். சென்சார் ரீசெட் ஆகி, மறுபடி 85-ல் போய் நிற்கும். கருவி வந்து கேட்கும்போது அதையே கொடுக்கும். சரிபார்ப்பு எண்ணும் பொருந்திவிடுவதால் சந்தேகம் எழாது. நடுராத்திரியில் பொறுப்பாளரின் போனுக்கு ‘பால் 85 டிகிரி’ என்று செய்தி போகும். நாலு முறை இப்படி நடந்தால், ஐந்தாவதாக வரும் உண்மையான எச்சரிக்கையை அவர் பார்க்கவே மாட்டார்.

ஆகவே குறிப்பில் ‘85-ஐ நிராகரிக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. கம்ப்ரசர் கிளம்பும்போது சென்சாரின் மின்சாரம் சரிவதே மூலக் காரணம். நிரலில் இருப்பது ஒட்டுவேலை. போர்டில் மின்சுற்றைச் சரிசெய்தால் இதை எடுத்துவிடலாம் என்று எழுத வேண்டும். ஒட்டுவேலை செல்லாத இடத்தையும் சொல்ல வேண்டும். தயிருக்கான பாலை 85 முதல் 95 டிகிரி வரை சூடாக்குவது வழக்கம். இதே ஃபர்ம்வேரை நாளை அந்தக் கலனில் போட்டால், பால் சரியாக 85-ல் நிற்கும்போதெல்லாம் கருவி நல்ல அளவைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கும். நிரல் வரியில் இந்த எல்லை எங்கும் எழுதப்பட்டிருக்காது.

85 கூச்சல் போடும் கோளாறு. அதைவிட எனக்கு அச்சம் தருவது சத்தமே போடாத பூஜ்யம். சென்சாரின் தகவல் கம்பி எங்காவது நசுங்கி, எர்த் கம்பியோடு ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இருக்கிறாயா?’ என்று கருவி கேட்கும்போது கம்பியைக் கீழே இழுத்துப் பதில் சொல்வது இந்தச் சென்சாரின் முறை. ஒட்டிக்கொண்ட கம்பியோ எப்போதும் கீழேதான் இருக்கிறது. சென்சார் இருப்பதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். அடுத்துப் படிக்கும் ஒன்பது பைட்டும் பூஜ்யம். எட்டு பூஜ்யங்களுக்கான சரிபார்ப்பு எண்ணும் பூஜ்யமே என்பதால் அதுவும் பொருந்திவிடும். திரையில் 0.0 டிகிரி. மேல் வரம்பை மட்டும் பார்க்கும் அலாரம் அடிக்காது. தொட்டிக்குள் பால் புளித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒன்பது பைட்டில் ஐந்தாவது சென்சாரின் அமைப்பைச் சொல்வது. முழுத் துல்லியத்தில் அது `0x7F`. எந்த அமைப்பிலும் அது பூஜ்யமாகாது. பூஜ்யமாக வந்தால் கம்பியில் கோளாறு என்று முடிவு செய்யலாம். பதிவேட்டிலும் தடயம் தெரியும். உண்மையான அளவு பதினாறில் ஒரு பங்கு டிகிரியாவது மேலும் கீழும் அசையும். பொய்யான பூஜ்யம் மணிக்கணக்கில் அசையாது. இந்தச் சோதனை எந்தக் கோப்பில் இருக்கிறது, சென்சாரைப் படிக்கும் நூலகத்தை மாற்றினால் அது காணாமல் போகுமா என்பதைப் போகிறவர் எழுதிவைக்க வேண்டும்.

இவையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. சோதித்தே பார்க்காதவற்றை எழுதத்தான் பலருக்குக் கை வருவதில்லை. வேலையை முடிக்காமல் போகிறேன் என்று கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிடும் என்று தயங்குகிறார்கள். வருபவருக்கு அதிகம் உதவும் பகுதி அதுதான்.

நம் கருவியில் அப்படி ஒன்று உண்டு. கருவி நேரத்தை மில்லிசெகண்டில் எண்ணுகிறது. 32 பிட் எண்ணில் அது 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ‘அடுத்து அளக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதா?’ என்று நேரடியாக ஒப்பிடும் நிரல் அந்த இடத்தில் தடுமாறும். பெரும்பாலும் ஒரு நிமிடம் இடைவிடாமல் அளந்துவிட்டுச் சரியாகிவிடும். கெட்ட நேரத்தில் பொருந்தினால், அடுத்த 49 நாளுக்கு அளக்கவே அளக்காது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் ஊரில் எந்தக் கருவியும் ஐம்பது நாள் தொடர்ந்து ஓடியிருக்காது. ஆகவே யாரும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பேட்டரி பேக்கப் பொருத்தும் நாளில்தான் கோளாறுக்கான கடிகாரம் ஓடத் தொடங்கும்.

குறிப்பில் இப்படி எழுதலாம்: ‘50 நாள் தொடர் ஓட்டம் சோதிக்கப்படவில்லை. எண்ணியை நிரம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் உள்ள மதிப்பில் தொடங்கவைத்தால் மேசையிலேயே பார்த்துவிடலாம். ஒப்பீட்டை, கடந்துபோன நேரத்தைக் கழித்துப் பார்க்கும் முறைக்கு மாற்ற வேண்டும்.’

```c
if ((uint32_t)(now - last) >= 60000) measure();
```

இந்த மூன்று வாக்கியம் வருபவருக்கு வாரக்கணக்கான தேடலை மிச்சப்படுத்தும்.

நிறுவனம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிலீவிங் கடிதத்தில் கையெழுத்திடும் முன், போகிறவரையும் வருகிறவரையும் ஒரு நாள் போர்டின் முன் உட்காரவையுங்கள். அளந்துகொண்டிருக்கும்போது சென்சாரின் மின்சாரத்தை வருகிறவர் துண்டித்துப் பார்க்கட்டும். தகவல் கம்பியை எர்த்தோடு சேர்த்துப் பார்க்கட்டும். எண்ணியை நிரம்பவிட்டுப் பார்க்கட்டும். குறிப்பில் எழுதியபடி நடக்காத இடத்தை அன்றைக்கே திருத்திவிடுங்கள். மறுநாள் கேட்பதற்கு அவர் அங்கே இருக்கமாட்டார்.