பாலம் இறங்கும் இடம்

சென்னை ஜெமினி சந்திப்பில் 1973-இல் அண்ணா மேம்பாலம் வந்தது. சிக்னலில் ஒரு சாலைக்குப் பச்சை விழுந்தால் மற்றவை காத்திருக்க வேண்டும். நேராகப் போகும் வண்டிகளை மேம்பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ விட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் எங்கும் நிற்காத வண்டி, பாலம் இறங்கும் இடத்தில் வேகத்தோடு வரும். நடைமேம்பாலம் இல்லாவிட்டால் அங்கே குறுக்கே போகவே கூடாது. 14 மீட்டர் சாலையை நடந்து கடக்க சுமார் 12 வினாடி ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 165 மீட்டர் வந்துவிடும். அகலமான மீடியன் இருந்தால் பாதியில் நின்று, மறுபக்கம் பார்த்துவிட்டு மீதியைக் கடக்கலாம். தேவைப்படும் இடைவெளியும் பாதியாகும்.

சற்று நடந்தாலும், பாலத்துக்கு அடியில் உள்ள சிக்னலில் கடப்பதே நல்லது. அங்கும் நமக்குப் பச்சை விழுந்த பிறகு, நிற்காமல் இடதுபுறம் திரும்பும் வண்டிகளைப் பார்த்துவிட்டே காலை எடுத்து வைக்க வேண்டும்.