உங்களுக்குத் தெரியுமா? மார்ச் 31-இல் அனுப்பிய பணம் அடுத்த நிதியாண்டில் சேரலாம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து நிறுவனமொன்றிற்குச் சென்னையிலிருந்து ஒப்பந்த முறையில் பணிபுரியும் ஒருவர், தமது இன்வாய்ஸில் செலுத்த வேண்டிய கடைசித் தேதியாக மார்ச் 31 என்று மட்டும் எழுதி அனுப்பினாரானால், அந்தத் தேதி எந்த ஊருக்குரியது என்னும் பிரச்னை அப்பொழுதே தோன்றிவிடுகிறது.

அந்நகரில் மார்ச் 31 பிற்பகல் 3 மணிக்கு நிறுவனம் பணத்தை அனுப்பும் தருணத்தில், சென்னையில் ஏப்ரல் 1 அதிகாலை 3.30 ஆகியிருக்கும், கோடைக்கால நேரம் அமலில் இருப்பதால் அப்பொழுது வித்தியாசம் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. நிறுவனம் தவணை தவறவில்லை என்று நியாயமாகவே கருதும். பெறுபவருக்கோ மார்ச் மாதம் மட்டுமன்றி இந்திய நிதியாண்டே முடிந்துவிட்டது. பணம் கைக்கு வந்த தேதியை ஆதாரமாகக் கொண்டு வருமான வரிக் கணக்கு வைப்பவருக்கு அத்தொகை அடுத்த ஆண்டின் வருமானமாகிறது. மேலும், ஏப்ரல் 1 இந்திய வங்கிகள் ஆண்டுக்கணக்கு முடிக்கும் நாளாதலால் பொதுமக்களுடனான அலுவல் அன்று நடைபெறுவதில்லை. இடைநிலை வங்கிகளைக் கடந்து தொகை வரவாக இன்னும் ஓரிரு நாட்கள் செல்லக்கூடும்.

தாமதம் யாருடையது என்று அறிய, அனுப்பியதற்கான வங்கிச் சான்றிலுள்ள நேரத்தை நமது நேரத்திற்கு மாற்றி, வரவுத் தேதியுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆதலின், “இந்திய நேரப்படி மார்ச் 27-க்குள் என் கணக்கில் வரவாக வேண்டும்” என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.