துளி விழுந்ததும் நகரும் துணிக்கொடி

ஐப்பசி அடைமழையில் யாரும் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதில்லை. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடக்கும். துணிகள் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே தொங்கும். காய்ந்த துணியை நனைத்துவிட்டுப் போவது கோடையிலும் ஆடி, ஆவணியிலும் வரும் மாலை நேர இடிமழைதான். பகல் முழுக்க வெயில் கொளுத்தும். நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டு, புழுதிக் காற்று அடித்து, பெரிய துளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். அடுத்த சில நிமிடங்களில் கொட்டித் தீர்க்கும். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தால் மாடிக்கு ஓட ஆள் இருக்காது.

அந்த ஓட்டத்தை ஒரு மழை சென்சாரும் ஒரு மோட்டாரும் செய்துவிடலாம். பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளில் இதன் சிறு மாதிரிகளைப் பார்த்திருப்பீர்கள். மேசைமேல் கைக்குட்டையை இழுக்கும் மாதிரிக்கும் மாடியில் ஒரு குடும்பத்தின் துணியை இழுக்கும் கொடிக்கும் உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

துளியை அறியும் பலகை

கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஐந்து சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு பலகை. அதன்மேல் இரண்டு உலோகக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்ததுபோல் ஓடும். காய்ந்திருக்கும்போது அவற்றுக்கிடையே மின்சாரம் பாயாது. ஒரு துளி விழுந்து இரண்டு கோடுகளையும் இணைத்தால் கொஞ்சம் பாயும். ஆர்டுயினோ போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை இதை 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாகப் படிக்கும். உலர்ந்த பலகை 1023-ஐ ஒட்டிக் காட்டும். நனைய நனைய எண் இறங்கும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் மழை என்று கொள்வது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கும். பலரும் குழாய்த் தண்ணீரைத் தெளித்து இந்த எண்ணை முடிவு செய்கிறார்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் குழாய்த் தண்ணீருக்கு மோட்டாரை ஓட்டிய பலகை, உண்மையான முதல் துளிக்குப் பேசாமல் இருந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையோ, பிடித்து வைத்த மழைநீரையோ ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே சரி. அந்த ஒரு சொட்டுக்கு எண் 1020-இலிருந்து 850-க்கு இறங்குகிறது என்றால், எல்லையை 930 அளவில் வைக்கலாம்.

இரண்டாவது கேள்வி, முதல் துளி அந்தச் சிறு பலகையின்மேல் எப்போது விழும் என்பது. மணிக்கு 2 மில்லிமீட்டர் அளவில் மழை தொடங்குகிறது, துளிகள் 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் நொடிக்குச் சுமார் 40 துளிகள் விழும். நம் பலகையின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர்தான். அதன்மேல் ஒரு துளி விழச் சராசரியாகப் பன்னிரண்டு நொடி ஆகும். இரண்டு பலகைகளை வைத்து, எதில் விழுந்தாலும் போதும் என்று அமைத்தால் அது ஆறு நொடியாகக் குறையும். பலகையைப் படுக்கையாக வைக்காமல் இருபது, முப்பது டிகிரி சாய்த்து வைத்தால் தண்ணீர் தேங்காமல் வழிந்து, மழை விட்டபின் சீக்கிரம் காயும். கூரை விளிம்பும் மரக்கிளையும் மறைக்காத இடமாக இருக்க வேண்டும்.

கயிற்றை அல்ல, சட்டத்தை நகர்த்துங்கள்

சாதாரணக் கொடிக்கயிற்றையே மோட்டாரால் இழுத்துவிடலாம் என்று தோன்றும். கணக்கு அதற்கு இடம் தராது. நான்கு மீட்டர் கொடியில் பத்து கிலோ ஈரத்துணி பரவலாகத் தொங்கி, நடுவில் பத்து சென்டிமீட்டர் மட்டுமே தொய்கிறது என்றால், கயிற்றில் உள்ள இழுவிசை ஐம்பது கிலோ எடைக்குச் சமம். கொக்கியும் கப்பியும் மோட்டாரும் நாள் முழுக்க இதைத் தாங்க வேண்டியிருக்கும். கிளிப் மாட்டிய துணி கப்பியில் சிக்குவது தனித் தொல்லை.

அதைவிட எளிது, சக்கரம் வைத்த ஒரு சட்டம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாடிப்படி அறையை ஒட்டி இரண்டரை மீட்டர் நீளத்துக்குத் தகர ஷீட் கூரை இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஜிஐ பைப்பால் ஒரு சட்டம். அதில் நான்கு கம்பிகள். மொத்தம் எட்டு மீட்டர் கொடி கிடைத்துவிடும். வாஷிங் மெஷினில் பிழிந்த ஆறு கிலோ பருத்தித் துணி, ஈரத்தோடு சுமார் ஒன்பது கிலோ இருக்கும். அந்த எடையைத் தண்டவாளமும் சக்கரமும் தாங்கிக்கொள்கின்றன. மோட்டார் உருட்டினால் மட்டும் போதும். கம்பிகள் தண்டவாளத்தின் திசையிலேயே நீள வேண்டும். குறுக்காகப் போட்டால், மழைக்கு முன்னால் வரும் காற்றில் விரித்த சேலை பாயாக மாறி, போகும் வழிக்கு எதிராகவே சட்டத்தைத் தள்ளும்.

இழுப்பதற்குக் காரின் வைப்பர் மோட்டார் பொருத்தமானது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். 12 வோல்ட்டில் ஓடும். அதற்குள் இருக்கும் திருகுப் பல்சக்கரத்தால், மின்சாரம் நின்றபின் காற்று தள்ளினாலும் அச்சு எளிதில் சுழலாது. மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 சுற்று. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையை மாட்டினால் ஒரு சுற்றுக்குப் பத்தொன்பது சென்டிமீட்டர் கயிறு நகரும். சட்டம் போக வேண்டிய மூன்று மீட்டரை இருபத்தோரு நொடியில் கடந்துவிடும். உருளையில் மூன்று சுற்றுச் சுற்றிய கயிறு, எதிர்முனைக் கப்பியைச் சுற்றி வளையமாகத் திரும்ப வேண்டும். சட்டத்தை அந்த வளையத்தில் கட்டிவிட்டால், மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

மாணவர் மாதிரிகளில் மோட்டாரை ஓட்ட வைக்கும் எல்298என் என்ற சிறு சில்லு இங்கே உதவாது. அது தாங்குவது 2 ஆம்பியர். வைப்பர் மோட்டார் சுமையோடு அதைத் தாண்டும், சிக்கி நின்றால் பல மடங்கு தாண்டும். திசை மாற்ற இரண்டு ரிலேக்களும், வழியில் ஒரு ஃபியூஸும் வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வைப்பர் மோட்டார்களில் எதிர்மின் இணைப்பு அதன் உலோக உடலிலேயே இருக்கும். திசையை மாற்றும்போது அந்த உடல் நேர்மின் பக்கமாகிவிடும். எனவே மோட்டாருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு வைத்துத்தான் திருக வேண்டும்.

மின்சாரத்தை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பதே நல்லது. இடிமழை வந்தால் கரண்ட் போவது வழக்கம். துணியைக் காப்பாற்ற வேண்டிய நேரமும் அதுதான். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தாராளமாகப் போதும். நனையும் மாடியில் 230 வோல்ட் ஒயர் ஓடாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம்.

நிற்க வேண்டிய இடம்

ஓடத் தொடங்குவதைவிட நிற்பதுதான் கடினம். தண்டவாளத்தின் இரு முனைகளிலும் லிமிட் சுவிட்ச் வேண்டும். சட்டம் வந்து முட்டியதும் அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். செய்தியை மட்டும் ஆர்டுயினோவுக்கு அனுப்பி, நிறுத்துவதை நிரலிடம் விட்டால், நிரல் உறைந்து நிற்கும் ஒரு நாளில் கயிறு அறும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கவாட்டில் சரியான திசையில் ஒரு டையோடு இணைத்தால், அந்தப் பக்கம் மேலும் போவது மட்டும் தடைபடும். திரும்பி வரும் வழி திறந்திருக்கும். இது தவிர, முப்பது நொடி ஓடியும் முனையைத் தொடாவிட்டால் மோட்டாரை நிறுத்தி மணி அடிக்கும்படி நிரலில் எழுத வேண்டும். வழியில் நாற்காலி கிடந்தாலோ போர்வை சக்கரத்தில் மாட்டினாலோ அப்போதே தெரிந்துவிடும். மாடியில் குழந்தைகள் விளையாடும் வீடுகளில், நகர்வதற்கு மூன்று நொடி முன்பே மணி அடிக்க வேண்டும்.

பொய் மழை

காக்கை எச்சமும், தை மாதப் பனியும், கடலோர ஊர்களில் படியும் உப்புத் தூசியும் பலகைக்கு மழையாகவே தோன்றும். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். மூன்று முறை தொடர்ந்து படித்துப் பார்த்தால் மின்சாரச் சலசலப்பு வடிகட்டப்படும், எச்சம் வடிகட்டப்படாது. இரண்டு பலகைகளும் நனைந்தால்தான் நகர வேண்டும் என்று வைத்தால் எச்சத்தின் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் மழையை அறியத் தாமதமாகும்.

இங்கே இரண்டு தவறுகளின் விலையை ஒப்பிட வேண்டும். பொய் மழைக்குத் துணி உள்ளே போனால் நஷ்டம் ஒரு மணி நேர வெயில். உண்மை மழையைத் தவறவிட்டால் மறுபடி துவைக்க வேண்டும். ஆகவே எதில் துளி விழுந்தாலும் உள்ளே போகட்டும் என்பதே சரியான அமைப்பு.

அதே கணக்கு, துணியைத் தானாக வெளியே கொண்டுவரும் வசதி வேண்டாம் என்கிறது. பலகை காய்ந்துவிட்டதாலேயே மழை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு பாட்டத்துக்கு நடுவே அரைமணி வெயில் அடிப்பதுண்டு. உள்ளே போவது தானாக, வெளியே வருவது கையால் அழுத்தும் பொத்தானால் என்றிருக்கட்டும்.

பலகையின் ஆயுளைத் தின்பது மழை மட்டுமல்ல, நாம் விடாமல் கொடுக்கும் மின்சாரமும்தான். ஈரத்தில் மின்சாரம் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தால் நேர்மின் பக்கக் கோடு அரித்துக் கரையும். கோட்டில் பச்சை தெரிந்தால் மேற்பூச்சு போய்ச் செம்பு வெளிவந்துவிட்டது என்று பொருள். இரண்டு நொடிக்கு ஒருமுறை, படிக்கும் கணத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். காரின் முன்கண்ணாடியில் உள்ளதுபோல், அகச்சிவப்பு ஒளி சிதறுவதை வைத்து மழையை அறியும் சென்சாரில் இந்தத் தொல்லையே இல்லை, விலைதான் கூடுதல்.

நிழல்துணிக்கு

மடக்கும் நிழல்துணிக்கும் இதே சென்சார்தான், காரணம்தான் வேறு. அங்கே காப்பாற்ற வேண்டியது அந்தத் துணியையே. மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் விரிந்த துணி சரிவில்லாமல் தொய்ந்திருந்தால், பத்து மில்லிமீட்டர் மழை அதன்மேல் அறுபது லிட்டரைக் கொட்டும். அறுபது கிலோ எடை கைகளை வளைத்துவிடும். சரிவு 14 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் மழையில் மடக்கிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது இதனால்தான். ஈரத்தோடு மடங்கிய துணியை மறுநாள் வெயிலில் விரித்து உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழல்துணிக்கு மழையைவிடக் காற்றே பெரிய ஆபத்து. காற்று சென்சார் இல்லாமல் மழை சென்சாரை மட்டும் நம்புவது அரைக் காவல்.

மாதம் ஒருமுறை, வெயில் நன்றாகக் காயும் மதியத்தில் பலகையின் எண்ணைப் பாருங்கள். 1023-ஐ ஒட்டி இருந்தது 950-க்கு வந்திருந்தால் அழுக்கு படிந்திருக்கிறது. மெல்லிய தூரிகையும் பேட்டரித் தண்ணீரும் கொண்டு துடைத்து, உலர்ந்தபின் மறுபடி பாருங்கள். துடைத்தும் எண் ஏறவில்லை என்றால் பலகையை மாற்றிவிடுங்கள். பிறகு ஒரு சொட்டு விட்டு, சட்டம் கூரைக்குள் போய் நிற்கும்வரை நொடியை எண்ணுங்கள். இருபத்தொன்று முப்பதை நெருங்கினால் சக்கரமோ பேட்டரியோ களைத்துவிட்டது.