நீர்மட்டம் காட்டும் மூழ்கு அழுத்தக் கருவி

குடிநீர் வழங்கும் தொட்டிகளில் நீரின் மட்டத்தை இடைவிடாது அறிவதற்கு இப்பொழுது ஒரு சிறு கருவி பெரிதும் பயன்படுகின்றது. ஏறக்குறைய ஓர் அங்குல விட்டமுள்ள எஃகு உருளை ஒன்று கேபிளின் முனையில் நீருக்குள் தொங்குகின்றது. அதன் அடிப்பக்கத்திலுள்ள மெல்லிய சவ்வை, மேலே நிற்கும் நீர் அழுத்துகின்றது. நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் சுமார் 9.8 கிலோபாஸ்கல் கூடும். தொட்டியின் அகலமோ வடிவமோ இவ்வளவை மாற்றுவதில்லை.

இவ்வழுத்தத்தைக் கருவி மின்னோட்டமாக மாற்றித் தருகின்றது. அழுத்தம் ஏதும் இல்லாதபொழுது 4 மில்லி ஆம்பியரும், முழு ஆழத்தில் 20 மில்லி ஆம்பியரும் பாயும். தொடக்கத்தைச் சுழியாக வைக்காமல் 4 ஆக வைத்ததற்குக் காரணம் உண்டு. கம்பி அறுந்தால் ஓட்டம் சுழியாகிவிடும். ஆகவே வற்றிய தொட்டியையும் அறுந்த கம்பியையும் எளிதில் வேறுபடுத்தி அறியலாம்.

5 மீட்டர் ஆழத்திற்குரிய கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கின்படி மீட்டருக்கு 3.2 மில்லி ஆம்பியர் உயர வேண்டும். ஆயினும் அக்கணக்கை அப்படியே நம்பிவிடலாகாது. தெரிந்த சில ஆழங்களில் கருவியை வைத்துப் பார்த்தபின்னரே அதன் சொல்லை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

முதலில் கேபிளைக் கீழே நீட்டி வைத்து, சவ்விலிருந்து எஃகு நாடாவினால் அளந்து 0.5, 1.5, 2.5, 3.5 மீட்டர் தூரங்களில் அடையாளம் இடுக. தொட்டிக்கு நீர் வரும் வால்வையும் வெளியேறும் வால்வையும் மூடி, நீர் அசைவற்று நிற்கும்படி செய்க. ஒவ்வோர் அடையாளமும் நீர்ப்பரப்பைத் தொடும்வரை கருவியை இறக்கி, சில நிமிடங்கள் பொறுத்திருந்து ஓட்டத்தைக் குறித்துக்கொள்க. கருவியை மேலே தூக்கும்பொழுதும் அதே ஆழங்களில் மீண்டும் குறித்தல் நலம்.

நமது கருவி முறையே 5.68, 8.93, 12.15, 15.40 மில்லி ஆம்பியர் காட்டியது எனக் கொள்வோம். முதல் அளவிற்கும் கடைசி அளவிற்கும் இடையே ஆழம் 3 மீட்டரும் ஓட்டம் 9.72 மில்லி ஆம்பியரும் கூடியுள்ளன. ஆகவே மீட்டருக்கு 3.24 வீதம் உயர்கின்றது. 0.5 மீட்டருக்குரிய 1.62ஐ 5.68லிருந்து கழித்தால், சுழி ஆழத்திற்குரிய ஓட்டம் 4.06 எனக் கிடைக்கும். எனவே இக்கருவிக்குரிய சூத்திரம்:

h = (I − 4.06) ÷ 3.24

இதில் h மீட்டரிலும், I மில்லி ஆம்பியரிலும் அமையும்.

இரு முனைகளைக் கொண்டே கோடு வரைந்துவிட்டோம். நடுவிலுள்ள இரண்டு அளவுகளும் சாட்சிகள். சூத்திரப்படி 1.5 மீட்டரில் 8.92, 2.5 மீட்டரில் 12.16 வரவேண்டும். வித்தியாசம் 0.01தான், அஃதாவது 3 மில்லிமீட்டர். ஒரு சாட்சி மட்டும் வெகுவாக விலகினால், அடையாளம் பிழையாக இடப்பட்டதா, நீர் அசைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இச்சோதனையைச் செய்யாமல் 3.2 என்ற எண்ணையே கொண்டிருந்தால், 3.5 மீட்டர் ஆழத்தைக் கருவி 3.56 என்று காட்டியிருக்கும். 12 சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டியில் இப்பிழை, இல்லாத நீர் சுமார் 750 லிட்டரை இருப்பதாகக் கணக்கில் சேர்த்துவிடும்.

கருவியைத் தரையிலிருந்து சற்று உயரத்தில் தொங்கவிடுவது வழக்கம். இல்லாவிடில் சவ்வின் மேல் வண்டல் படியும். அவ்வுயரம் 10 சென்டிமீட்டரானால், காட்டும் ஆழத்தோடு அதனையும் கூட்டினால்தான் தொட்டியின் மட்டம் கிடைக்கும்.

இனி ஒரு முக்கியமான செய்தி. நீர்ப்பரப்பின் மேல் வாயுமண்டலமும் அழுத்துகின்றதன்றோ? அதனை ஈடு செய்வதற்காகக் கேபிளினுள் ஒரு நுண்குழாய் ஓடுகின்றது. அது வெளிக்காற்றைச் சவ்வின் பின்புறத்திற்குக் கொண்டு செல்கின்றது. அதன் மேல்முனையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கப்படுவதுண்டு. கேபிளை இறுக்கிக் கட்டி நசுக்கினாலோ, ஈரம் புகுந்து குழாய் அடைபட்டாலோ ஈடு செய்தல் நின்றுவிடும்.

இக்குறையை அறிவது எளிது. நம் நாட்டில் வாயுமண்டல அழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உயர்ந்தும், மாலை 4 மணியளவில் தாழ்ந்தும் இருக்கும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிபார். ஒரு மில்லிபார் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீருக்குச் சமம். வால்வுகளை மூடி வைத்த தொட்டியில் அளவுகோல் ஒரே மட்டத்தைக் காட்ட, கருவி மட்டும் காலையில் உயர்ந்து மாலையில் சில சென்டிமீட்டர் தாழ்ந்தால், குற்றம் நீரில் இல்லை. நுண்குழாயைச் சோதிக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை கருவியை வெளியே எடுத்து, சவ்வை விரலால் தொடாமல் நீரால் கழுவி, காற்றில் தொங்கவிட்டு ஓட்டத்தைப் பார்க்கவும். 4.06க்குப் பதிலாக 4.12 காட்டினால், சுழி நகர்ந்திருக்கின்றது என்று பொருள். அதனைத் திருத்தி, ஏதேனும் ஓர் ஆழத்தில் மீண்டும் சரிபார்த்துக்கொண்டால் கருவி பழையபடி பயன் தரும்.