இயந்திரக் குரலும் எழுத்துக் கணக்கும்

'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்தில் மூன்று என்றுதான் படித்தோம். எழுதியதை வாசித்துக் காட்டும் கணினிச் சேவைகளில் இதே சொல்லை ஒட்டினால் ஐந்து என்று கணக்காகும். அ, ம, மேலே வைக்கும் புள்ளி, மீண்டும் ம, பக்கத்தில் நிற்கும் கால். யூனிகோடில் இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு. மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் சேவை யூனிகோடின் ஒவ்வொரு குறியீட்டையும் ஓர் எழுத்தாக எண்ணுவதாக வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இடைவெளி, காற்புள்ளி, வரி முறிவு எல்லாவற்றுக்கும் சேர்த்தே காசு.

யூடியூபில் சிறுகதை வாசிக்கும் சேனல் தொடங்க நினைப்பவர்களுக்கும், தங்கள் நூலை ஒலிநூலாக்க நினைக்கும் சிறு பதிப்பாளர்களுக்கும் முதல் சறுக்கல் இங்கேதான் நேர்கிறது. ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்ப்போம்.

அம்மா காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள்.

ஏழு சொற்கள். நம் கணக்கில் 26 எழுத்துகள். குறியீட்டுக் கணக்கில் 48. ஆறு இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்தால் 55. கண்ணுக்குத் தெரிவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தமிழுக்கு இரட்டை விலை போடுகிறார்கள் என்று இதை வைத்துக் கோபப்பட வேண்டியதில்லை. இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதினாலும் 60 எழுத்தை ஒட்டித்தான் வரும். நாம் வேற்றுமையையும் காலத்தையும் சொல்லுக்குள்ளேயே அடக்கிவிடுகிறோம். தவறுவது விலை அல்ல, நம் மதிப்பீடு.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'கோ' என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடு. மாற்றும் மென்பொருள் சரியில்லை என்றால் அது இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது. கணக்கில் தெரியும், சில சமயம் உச்சரிப்பிலும் தெரியும். 'கோலம்' மட்டும் சரியாக ஒலித்து, அதே சொல் அடுத்த பத்தியில் உடைந்து ஒலித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்தால் சரியாகிவிடும்.

இப்போது 3,000 சொல் கொண்ட ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்வோம். மேலே பார்த்த எளிய வாக்கியத்தில் சொல்லுக்கு எட்டு எழுத்து வருகிறது. கதையில் நீளமான சொற்களும் வரும் என்பதால் ஒன்பது என்று வைப்போம், மொத்தம் 27,000. எலெவன்லேப்ஸ் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் மாதத்துக்கு 10,000 எழுத்து கிடைத்துவந்திருக்கிறது. அதற்கு அடுத்த, ஐந்து டாலர் படியில் 30,000. (இந்த எண்கள் அவ்வப்போது மாறுபவை; சேரும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.) 27,000 வேண்டும், 30,000 இருக்கிறது, போதும் என்று தோன்றும். போதாது.

காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'பாலு' என்று எழுதினால் அது ஆளின் பெயரா, 'பால்' என்பதன் பேச்சு வடிவமா என்று எழுத்து சொல்லாது. ப என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. நாம் இடம் பார்த்துப் படித்துவிடுகிறோம். இயந்திரம் பல நேரம் சரியாகப் படிக்கும், சில நேரம் கதாநாயகனைப் பசுவிடம் கறந்துவிடும். '1947' என்று இலக்கத்தில் எழுதியதையும், 'கி.மீ.' போன்ற சுருக்கத்தையும் அது எப்படிப் படிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சரி செய்ய அந்தப் பத்தியை மீண்டும் உருவாக்க வேண்டும். மறுபடி உருவாக்குவதும் பெரும்பாலும் கணக்கில் ஏறும். 400 எழுத்துள்ள ஒரு பத்தியை ஐந்து தடவை திருத்தினால் 2,000 போய்விட்டது. கதையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஒருமுறை திருத்தினால்கூட மொத்தம் 36,000. கதை முடியும் முன்பே மாதத்தின் எழுத்து முடிந்துவிடும்.

ஆகவே முழுக் கதையையும் ஒட்டி இயக்கக் கூடாது. பெயர்ச்சொற்கள், எண்கள், ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றை மட்டும் ஒரு சிறு பத்தியாகத் திரட்டி முதலில் வாசிக்கவிட்டுக் கேட்க வேண்டும். தவறாக ஒலிப்பதை மாற்றி எழுதிக்கொண்டு, இலக்கங்களை எழுத்தால் எழுதி, பிறகு பத்தி பத்தியாகப் போவதுதான் சிக்கனம்.

கூகுள், அஷூர் போன்ற பெரிய சேவைகளில் சந்தா இல்லை; பயன்படுத்திய அளவுக்குத்தான் கட்டணம். அஷூரில் நல்ல தரக் குரலுக்குப் பத்து லட்சம் எழுத்துக்குப் பதினைந்து, பதினாறு டாலர் என்ற அளவில் இருந்துவருகிறது. நம் 36,000 எழுத்துக்கு ஒரு டாலர்கூட ஆகாது. ஆனால் அங்கே கணக்குத் தொடங்கி இயக்கக் கொஞ்சம் கணினி அறிவு வேண்டும். கூகுளில் வேறொரு வரம்பும் உண்டு. ஒரே தடவையில் 5,000 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று. கட்டணம் பைட்டுக்கு இல்லை என்றாலும் வரம்பு பைட்டுக்குத்தான். நம் கோல வாக்கியம் 151 பைட், ஆக 32 வாக்கியத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். உரையாடலின் நடுவே வெட்டினால் குரலின் ஏற்ற இறக்கம் அறுந்து, ஒட்டுப் போட்டது காதில் கேட்கும். காட்சி மாறும் இடத்தில் வெட்டுவதே நல்லது.

குரல் தேர்வைப் பொறுத்தவரை, தமிழுக்குக் கிடைப்பவை ஆங்கிலத்தோடு ஒப்பிடக் குறைவே. எனக்கு மகிழ்ச்சி தருவது அஷூர் தமிழை நான்காகப் பார்த்திருப்பது. இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர். இலங்கைக்குச் சரண்யா, குமார். மலேசியாவுக்குக் கனி, சூர்யா. சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு. யாழ்ப்பாணக் கதையை `ta-LK` என்ற குறியுள்ள குரலில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தனிநபர்கள் தங்கள் குரலைப் பகிரும் தளங்களில் குரலுக்குரியவர் அதைத் திரும்பப் பெறலாம். முப்பது அத்தியாய நாவலைத் தொடங்கிப் பத்தாவதில் குரல் மறைந்தால் வேறு குரலில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாவல் என்றால் இதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது உரிமம். எலெவன்லேப்ஸின் இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை கிடையாது. கட்டணத் திட்டத்தில் உண்டு. வணிகம் என்றால் கடையில் விற்பது மட்டும் அல்ல. விளம்பர வருமானம் வரும் யூடியூப் காணொளி, ஒரு கடைக்காகச் செய்துதரும் விளம்பரக் குரல் இரண்டும் அதில் அடங்கும். ஒலியை உருவாக்கிய நாளில் எந்தத் திட்டத்தில் இருந்தோம் என்பதே பொதுவாகக் கேள்வி. இலவசத்தில் பத்துக் கதை செய்து, சேனலுக்கு வருமானம் வந்ததும் சந்தா கட்டினால் அந்தப் பத்தும் தானாகச் சரியாகிவிடாது. மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். சந்தா ரசீதையும், அன்றைய விதிமுறைப் பக்கத்தின் ஒரு படியையும் ஒலிக்கோப்போடு வைத்திருங்கள். உரிமைப் புகார் வந்தால் காட்ட அதுதான் கையில் இருக்கும்.

இந்த உரிமம் குரலுக்கு மட்டுமே. கதைக்கு உரிமை வேறு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளுக்கு இந்தியச் சட்டத்தின் 60 ஆண்டுக் காலம் கடந்துவிட்டது; உயிரோடிருக்கும் எழுத்தாளரின் கதைக்கு அவர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும்.

சந்தாவே வேண்டாம் என்று, இறக்கிக்கொள்ளும் மாதிரிகளை நாடுவோரும் உண்டு. அங்கே எழுத்துக் கணக்கு இல்லை, உரிமம் இருக்கிறது. மெட்டா நிறுவனத்தின் எம்எம்எஸ் மாதிரி தமிழ் பேசும், காசு கேட்காது, ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் வெளியிட்ட இண்டிக் பார்லர் மாதிரியும் தமிழ் பேசும். அது அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால் வணிகத்துக்குத் தடையில்லை. பதிவிறக்கப் பக்கத்தில் உரிமத்தின் பெயர் ஒரே வரியில்தான் இருக்கும். `cc-by-nc` என்றிருந்தால் அதிலுள்ள `nc` வணிகம் கூடாது என்பதைக் குறிக்கிறது.